மத்திய வங்கி உண்டியல் வாங்கினால் வட்டி ஏன் இறங்குகிறது?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்காளர். என்னுடைய நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது. புதுப்பித்தால் வட்டி குறையும் என்கிறார்கள். காரணம் கேட்டபோது, மத்திய வங்கி சந்தையில் முறிகளையும் உண்டியல்களையும் வாங்குகிறது, அதனால் வங்கிகளிடம் ஒதுக்கு கூடிவிட்டது, இனி வட்டி இறங்கும் என்றார் முகாமையாளர். பத்திரத்தைக் கொடுத்துக் காசை வாங்கினால் அது வெறும் கைமாற்றம்தானே? இதில் புதிதாக என்ன கூடுகிறது? கூடினாலும் அது ஏன் வட்டியைக் குறைக்க வேண்டும்? இதுதான் காசு அச்சடிப்பதா?
— ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கணக்காளர் என்பதால் இரட்டைப் பதிவிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு வணிக வங்கிக்கும் இலங்கை மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் உள்ள மீதியைத்தான் ஒதுக்கு என்கிறோம். பொதுமக்களிடமிருந்து பெற்ற ரூபாய் வைப்புகளில் ஒரு பங்கை வங்கிகள் அங்கே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நியதி ஒதுக்கு விகிதம் எனப்படும் அந்தப் பங்கு 2023 ஓகஸ்டில் நூற்றுக்கு 4 இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. வங்கிகள் தமக்குள் கொடுக்கல் வாங்கல்களைத் தீர்ப்பதும் இதே கணக்குகளின் ஊடாகத்தான். மட்டக்களப்பில் நீங்கள் ஒரு வங்கியின் காசோலையை வேறொரு வங்கியில் வைப்பிலிட்டால், இறுதியில் கொழும்பிலுள்ள மத்திய வங்கியின் ஏட்டில் ஒரு வங்கியின் மீதி குறைந்து மற்றதன் மீதி கூடுகிறது.

இப்போது ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் ரூபாய் வைப்புகள் 50,000 கோடி என்றால், அது மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டியது 1,000 கோடி. சரியாக அந்தத் தொகையே அங்கே இருக்கிறது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கிறது. அம்பாறையிலும் சம்மாந்துறையிலும் ஆலைக்காரர்கள் நெல்லுக்குக் கையிற் காசாகக் கொடுப்பதற்காக வங்கிகளில் பணம் எடுக்கிறார்கள். பின்னால் சித்திரைப் புத்தாண்டுக்காக நாடு முழுவதும் அதே தேவை இன்னும் பெரிதாக எழுகிறது. வங்கிக் கிளைகளுக்குத் தாள்கள் தேவைப்படும்போது தலைமை அலுவலகம் மத்திய வங்கியிடமிருந்து அவற்றை வாங்குகிறது, விலையாகத் தன் ஒதுக்குக் கணக்கிலிருந்து அதே தொகையைக் கழிக்க விடுகிறது. நம் வங்கி இவ்வாறு 200 கோடி ரூபாய்த் தாள்களை எடுத்துவிட்டது என்று வையுங்கள். கணக்கில் 800 கோடிதான் மிஞ்சுகிறது. வைப்புகளும் 200 கோடி குறைந்திருப்பதால் தேவையான ஒதுக்கு 4 கோடி குறையும் என்பது உண்மையே. அந்தச் சிறு வித்தியாசத்தை விட்டுவிட்டு, வங்கிக்கு ஏறத்தாழ 200 கோடி தட்டுப்பாடு என்று கொள்வோம்.

அந்த வங்கியிடம், அரசு குறுங்காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்கள் இருக்கின்றன. 91 நாளில் முதிரும் உண்டியலின் விளைவு வீதம், அதாவது வாங்குபவருக்கு ஆண்டுக் கணக்கில் கிடைக்கும் ஆதாயம், நூற்றுக்கு 8 ஆக இருந்தால், 100 ரூபாய் முகப்புப் பெறுமதிக்கு இன்றைய விலை ஏறத்தாழ 98 ரூபாய் 4 சதம். மத்திய வங்கி வாங்குவதாக ஏலம் அறிவிக்கிறது. நம் வங்கி 204 கோடி முகப்புப் பெறுமதியுள்ள உண்டியல்களை விற்று 200 கோடி பெறுகிறது. அன்றே லங்காசெட்டில் முறைமையில் உண்டியல்கள் மத்திய வங்கியின் கணக்குக்கும், 200 கோடி வங்கியின் ஒதுக்குக் கணக்குக்கும் மாறுகின்றன. கையில் எந்தக் காகிதமும் மாறவில்லை. திறைசேரி உண்டியல்கள் பல ஆண்டுகளாகவே கணினிப் பதிவுகள்தாம்.

இப்போது இரண்டு ஐந்தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணிக வங்கியின் சொத்துப் பக்கத்தில் உண்டியல் 200 கோடி குறைந்து ஒதுக்கு 200 கோடி கூடியிருக்கிறது. மொத்தம் மாறவில்லை. ஆகவே விற்ற வங்கியின் கோணத்தில் நீங்கள் சொன்ன கைமாற்றம் முற்றிலும் சரியானது. மத்திய வங்கியின் ஐந்தொகையிலோ சொத்துப் பக்கத்தில் உண்டியல் 200 கோடி கூடுகிறது, பொறுப்புப் பக்கத்தில் வங்கிகளின் மீதி 200 கோடி கூடுகிறது. வேறு எந்தக் கணக்கிலிருந்தும் எதுவும் கழிக்கப்படவில்லை. மத்திய வங்கி கொடுக்கும் பணம் அது யாரிடமிருந்தோ திரட்டிய பணமல்ல. அது அப்பதிவின் மூலமே தோன்றும் மத்திய வங்கியின் பொறுப்பு. இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது.

அதே உண்டியலை நம் வங்கி வேறொரு வணிக வங்கிக்கு விற்றிருந்தால் என்னவாகும்? வாங்கிய வங்கியின் ஒதுக்கு 200 கோடி குறைந்து, நம் வங்கியின் ஒதுக்கு 200 கோடி கூடியிருக்கும். நாட்டின் மொத்த ஒதுக்கு ஒரு சதமும் கூடியிராது. ஒரே வட்டைக்குள் வயலுக்கு வயல் வரம்பை வெட்டித் தண்ணீரைப் பங்கிடுவதற்கும் குளத்தின் துருசைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வங்கிகள் எத்தனை முறை தமக்குள் விற்று வாங்கினாலும் மொத்தத் தொகையை மாற்ற முடியாது. மத்திய வங்கி ஒரு தரப்பாக நிற்கும் கொடுக்கல் வாங்கலே அதை மாற்றும்.

விற்பவர் வங்கியாக இல்லாமல், உண்டியல் வணிகம் செய்யும் முதனிலை வணிகர் நிறுவனமாக இருந்தால் பதிவு சற்று நீளும். பணம் அந்நிறுவனத்தின் வங்கியின் ஒதுக்குக் கணக்கில் 200 கோடியாகச் சேரும், அதே வங்கியில் நிறுவனத்தின் வைப்பும் 200 கோடி கூடும். அப்புதிய வைப்புக்கு நூற்றுக்கு 2 வீதம் 4 கோடி நியதி ஒதுக்கு வைக்க வேண்டியிருப்பதால், தேவைக்கு மேல் எஞ்சுவது 196 கோடி. ஒதுக்கு கூடும் அளவு ஒன்றேதான். பொதுமக்களின் வைப்பும் சேர்ந்து கூடுகிறதா இல்லையா என்பதில் மட்டுமே மாற்றம்.

இனி வட்டிக்கு வருவோம். எந்த வட்டி முதலில் அசைகிறது என்பதைப் பிரித்தறிந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். முதலில் அசைவது உங்கள் வைப்பின் வட்டியல்ல. ஒரு வங்கி மற்றொரு வங்கிக்கு ஒரே ஓர் இரவுக்கு ஒதுக்கைக் கடனாகக் கொடுக்கும் அழைப்புப் பணச் சந்தையின் வட்டிதான் முதலில் அசைகிறது. அந்தச் சந்தை இரண்டு எல்லைகளுக்குள் இயங்குகிறது. 2024 நவம்பரில் மத்திய வங்கி ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதத்தை நூற்றுக்கு 8 என அறிமுகப்படுத்தியது. 2025 மேயில் அது 7.75 ஆனது. கணக்குக்காக அந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். தட்டுப்பாடான வங்கி, உண்டியல், முறி ஆகிய அரச பிணையங்களை ஈடாக வைத்து மத்திய வங்கியிடம் ஓரிரவுக் கடன் பெறலாம். அதற்கு வட்டி கொள்கை வீதத்தைவிட அரை வீதம் கூட, அதாவது 8.25. மிகையாக வைத்திருக்கும் வங்கி அதை மத்திய வங்கியிடமே ஓரிரவு வைப்பாக இடலாம். அதற்குக் கிடைப்பது அரை வீதம் குறைவாக, அதாவது 7.25. நியதி ஒதுக்காகக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கோ வட்டியே இல்லை. அதனால் தேவைக்கு மேல் ஒரு ரூபாயைக்கூடச் சும்மா கிடத்தி வைக்க எந்த வங்கியும் விரும்புவதில்லை.

அறுவடைக் காலத்தில் பல வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வந்தால், மிகை வைத்திருக்கும் சில வங்கிகளின் வாசலில் எல்லோரும் நிற்பார்கள். கடன் கேட்பவருக்கு மாற்று வழி 8.25 என்பதால் 8.15 கொடுத்தும் வாங்கத் தயாராவார். வீதம் மேல் எல்லையை ஒட்டி ஏறிவிடும். நான் வணிக வங்கியொன்றின் திறைசேரிப் பிரிவில் பணிபுரிந்தவன். அத்தகைய நாட்களில் காலை பதினொரு மணிக்குள் தொலைபேசியை எடுப்பவரின் குரலிலேயே சந்தையின் நிலைமை தெரிந்துவிடும். மத்திய வங்கி உண்டியல்களை வாங்கி 200 கோடியைச் சேர்த்ததும் நம் வங்கி கேட்போர் வரிசையிலிருந்து விலகிவிடுகிறது. மிகை வைத்திருந்த வங்கிக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். கடன் கொடுக்க ஆள் கிடைக்காவிட்டால் அன்று மாலை 7.25க்கு மத்திய வங்கியிடம் வைப்பிலிட வேண்டியிருக்கும். ஆகவே அது 8.15 கேட்பதை விட்டு 7.95க்கும், பிறகு 7.80க்கும் இறங்கி வருகிறது. யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. கிடைப்பது கூடியதாலும் கேட்போர் குறைந்ததாலும் விலை இறங்குகிறது. ஒதுக்கின் விலைதான் இந்த ஓரிரவு வட்டி.

இதோடு சேர்ந்து இன்னொரு வழியிலும் வட்டி இறங்குகிறது. மத்திய வங்கி பெரிய கொள்வனவாளராகச் சந்தைக்கு வரும்போது உண்டியலின் விலை ஏறுகிறது. 98 ரூபாய் 4 சதமாக இருந்தது பத்துச் சதம் ஏறி 98 ரூபாய் 14 சதமானால், 91 நாளில் 100 ரூபாய் பெறுபவருக்குக் கிடைக்கும் இலாபம் 1 ரூபாய் 96 சதத்திலிருந்து 1 ரூபாய் 86 சதமாகக் குறைகிறது. ஆண்டு வீதமாக மாற்றினால் அது 8 இலிருந்து ஏறத்தாழ 7.6. பத்துச் சதம் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் காலம் குறுகியது என்பதால் வீதத்தில் அது பெரிதாகத் தெரிகிறது. பல ஆண்டுகளில் முதிரும் முறிகளில் இதே விலை ஏற்றம் வீதத்தை இந்த அளவுக்கு அசைக்காது. அதனால்தான் குறுங்கால வட்டி முதலில் தாக்கம் பெறுகிறது.

இந்த இயக்கத்துக்கு ஒரு தெளிவான எல்லை உண்டு. வங்கிகள் அனைத்தும் தேவையான ஒதுக்கைப் பெற்று, மேலும் மிகையும் வைத்திருக்கும் நிலையில் மத்திய வங்கி இன்னொரு 200 கோடிக்கு உண்டியல் வாங்கினால் அழைப்புப் பண வீதம் 7.25க்குக் கீழே போவதில்லை. மத்திய வங்கியே 7.25 கொடுக்கும்போது அதைவிடக் குறைவாக இன்னொரு வங்கிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? சேர்த்த பணம் அன்று மாலையே ஓரிரவு வைப்பாக மத்திய வங்கிக்கே திரும்பிவிடும். ஆகவே அதே 200 கோடி தட்டுப்பாட்டு நாளில் வீதத்தை நன்றாக இறக்கும், மிகை நாளில் ஏறத்தாழ எதையும் செய்யாது. மத்திய வங்கி எத்தனை கோடிக்கு வாங்கியது என்ற செய்தியை மட்டும் பார்த்து வட்டி எவ்வளவு இறங்கும் என்று சொல்வது, எனவே, அர்த்தமற்றது.

வேறு விதமாகவும் இது பிசகும். மொத்த ஒதுக்கு போதுமாக இருந்தும் அது சில வங்கிகளிடம் மட்டும் தேங்கி, அவை மற்ற வங்கிகளின் நிலைமையில் ஐயம் கொண்டு கடன் கொடுக்க மறுத்தால், சில வங்கிகள் 7.25க்கு வைப்பிலிட, சில வங்கிகள் அதே மாலையில் 8.25க்குக் கடன் வாங்கும். 2022 நெருக்கடிக்குப் பின் நம் நாட்டில் இத்தகைய பிளவு காணப்பட்டது. வங்கிகள் ஒன்றையொன்று நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்யாமல் மத்திய வங்கியின் இரு வசதிகளிலும் தங்கியிருந்ததால், 2023 ஜனவரியில் அந்த வசதிகளைப் பயன்படுத்துவதற்கே மத்திய வங்கி கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது.

அந்த நெருக்கடி இன்னொரு பாடத்தையும் தருகிறது. 2020 முதல் 2022 வரை மத்திய வங்கியிடம் இருந்த அரச பிணையங்களின் தொகை மிகப் பெரிதாக வளர்ந்தது. அப்படியென்றால் வங்கிகளிடம் ஒதுக்கு பெருகி வழிந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் 2022இல் சந்தையில் ரூபாய் ஒதுக்குக்குக் கடும் தட்டுப்பாடு. மத்திய வங்கி ஒரு கையால் உண்டியல் வாங்கி ரூபாயைச் சேர்த்தபோது, மறு கையால் எரிபொருள் போன்ற இறக்குமதிகளுக்கு டொலரை விற்று, அந்த டொலருக்கான ரூபாயை வங்கிகளின் ஒதுக்குக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டது. பிணையங்கள் மட்டுமல்ல, டொலரும் நாணயத் தாள்களும் அதே ஐந்தொகையின் ஊடாகவே போகின்றன. ஆகவே கொள்வனவு என்ற ஒரே வரியை மட்டும் பார்த்தால் மீதி என்னவென்று தெரியாது.

காசு அச்சடிப்பதா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லலாம். ஒதுக்கு புதிதாக உருவாக்கப்படுகிறது என்ற பொருளில் ஆம், தாள் அச்சிடப்படுகிறது என்ற பொருளில் இல்லை. ஆனால் மக்கள் அந்தச் சொல்லால் கேட்பது வேறு. அரசின் செலவுக்காக மத்திய வங்கி நேரடியாக அரசிடமிருந்து உண்டியல்களை வாங்குவதே அது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் முதனிலைச் சந்தையில் அவ்வாறு வாங்குவதைத் தடுக்கிறது. நாம் பேசுவது வங்கிகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பிணையங்களை அவற்றிடமிருந்து வாங்குவதைப் பற்றி. அதில் பணம் திறைசேரியின் செலவுக் கணக்குக்குப் போவதில்லை, வங்கியின் ஒதுக்குக் கணக்குக்கே போகிறது. 2024 ஒக்டோபரில் மத்திய வங்கி சந்தைக்குப் பணம் சேர்த்தபோது காசு அச்சடித்துவிட்டார்கள் என்று எழுந்த பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கியதன் விளைவே.

இதோடு ஒட்டியிருக்கும் இன்னொரு பிழையான கணக்கையும் குறிப்பிட வேண்டும். உயர்தர மாணவர்கள் பணப் பெருக்கியைப் படிக்கிறார்கள். ஒதுக்கு விகிதம் நூற்றுக்கு 2 என்றால் பெருக்கி 50, ஆகவே 200 கோடி சேர்த்தால் 10,000 கோடிக் கடன் உருவாகும் என்று பதில் எழுதுகிறார்கள். வங்கியில் வேலை செய்த எவரும் அப்படி நடந்து பார்த்திருக்க மாட்டார். வங்கி கடன் கொடுப்பது திருப்பிச் செலுத்தக்கூடிய வாடிக்கையாளர் வந்தால்தான், தன் மூலதனம் இடம் கொடுத்தால்தான். ஒதுக்கு போதாவிட்டால் பிறகு சந்தையில் வாங்கிக்கொள்ளும். உண்டியல் கொள்வனவின் வேலை அந்த ஒதுக்கை மலிவாக்குவது. மலிவானதால் கடனின் வட்டியும் இறங்கி, அதனால் கடன் கேட்போர் கூடலாம். அது மாதக் கணக்கில் நடக்கும் வேலை.

உங்கள் வைப்பைப் பொறுத்தவரை, மத்திய வங்கியின் கொள்வனவு இருவகைப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நான் மேலே விபரித்தது முற்றாக வாங்குதல். ஆனால் அடிக்கடி நடப்பது மற்ற வகை. அதில் மத்திய வங்கி இன்று வாங்கும்போதே, நாளையோ ஏழு நாளிலோ வங்கி அதே பிணையத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாட்டுடன் வாங்குகிறது. அறுவடைக்காக வெளியே போன தாள்கள் கடைகளின் வைப்பாகச் சில வாரங்களில் வங்கிக்கே திரும்பிவிடும் என்று தெரிவதால், அந்த இடைவெளியை நிரப்ப இதுவே போதும். தாள்கள் திரும்பும்போது ஒதுக்கு தானாகவே கூடிவிடும், முற்றாக வாங்கியிருந்தால் அப்போது மிகையாகிவிடும். எனவே ஒருநாள் ஏலத்தில் சேர்ந்த பணம் மறுநாளே கழிந்துபோகும் பணம். அதைக் காரணம் காட்டி ஒரு வருட வைப்பின் வட்டியைக் குறைக்கிறோம் என்று சொன்னால், முகாமையாளர் சொல்வது முழுக்கதையல்ல. ஒரு வருட வைப்பின் வட்டியைத் தீர்மானிப்பதில் வங்கி பார்ப்பது, வரும் ஒரு வருடத்தில் ஓரிரவு வீதம் எங்கே நிற்கும் என்ற எதிர்பார்ப்பையும், தனக்கு எவ்வளவு கடன் கேள்வி இருக்கிறது என்பதையும்தான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அழைப்புப் பணத்தின் நிறையேற்றப்பட்ட சராசரி வீதமும், திரவத்தன்மை என்ற பெயரில் வங்கிகளின் ஒதுக்கு மிகை அல்லது பற்றாக்குறையும் ஒவ்வொரு வேலைநாளும் வெளியிடப்படுகின்றன. சராசரி வீதம் கொள்கை வீதத்தை ஒட்டி நின்றால் கொள்வனவு தட்டுப்பாட்டை நிரப்பியது மட்டுமே, வட்டிக்குப் புதிய திசை எதுவும் இல்லை. அது பல வாரங்கள் தொடர்ந்து கீழ் எல்லைப் பக்கம் சாய்ந்து கிடந்து, புதன்கிழமை ஏலத்தில் 364 நாள் உண்டியலின் விளைவு வீதமும் வாராவாரம் இறங்கினால், வைப்பு வட்டியும் பின்னால் இறங்கப்போகிறது என்று கொள்ளலாம். அந்தச் சாய்வு தெரிந்தால் முதிரும் தொகையை ஒரு வருடத்துக்கோ அதற்கு மேலோ கட்டிவைப்பது உங்களுக்கு நன்மை. தெரியாவிட்டால் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்து, ஏலத்தின் 364 நாள் வீதத்தை உங்கள் வங்கி தரும் ஒரு வருட வீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்டியல் வீதம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், அதே வங்கியின் ஊடாகவே உண்டியல் வாங்கித் தரும்படியும் கேட்கலாம்.